லாபத்தைச் சமன் செய்து காட்டுவது எந்த இடத்தில் முதலீட்டாளரை ஏமாற்றுவதாகிறது?

கேள்வி: ஒரு நிறுவனம் சட்டத்துக்கு உட்பட்டே தன் லாபத்தைக் கொஞ்சம் நன்றாகக் காட்டிக்கொள்வதற்கும் முதலீட்டாளரைத் தவறாக வழிநடத்துவதற்கும் இடையில் கோடு எங்கே இருக்கிறது? நல்ல ஆண்டின் லாபத்தில் கொஞ்சம் எடுத்து வைத்து மோசமான ஆண்டில் சேர்த்துக்கொண்டால், மொத்த லாபம் மாறவே இல்லையே, யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்:

கணக்கில் எழுதப்பட்ட ஒரு மதிப்பீடு எதைப் பார்த்து எழுதப்பட்டது என்பதைக் கேட்டால் பெரும்பாலும் அந்தக் கோடு தெரிந்துவிடும். பழுதாகித் திரும்பி வரும் பொருட்களையும் வசூலாகாத பாக்கிகளையும் பார்த்து எழுதப்பட்ட மதிப்பீடு, பின்னால் தவறாகவே போனாலும், நேர்மையான கணக்குதான். அறிவிக்க வேண்டிய லாபத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த எண் வரும்வரை பின்னோக்கிச் சரிசெய்யப்பட்ட மதிப்பீடு, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு காரணம் எழுதி வைத்திருந்தாலும், கோட்டைத் தாண்டிவிட்டது. இதற்கு வெளியே இன்னொரு வகையும் உண்டு. எண்கள் எல்லாம் சரியாக இருக்கும். அந்த எண்கள் ஏன் அப்படி வந்தன என்று நிர்வாகம் சொன்ன காரணம் சரியாக இருக்காது. டெல் கணினி நிறுவனத்தின் வழக்கில் இந்த இரண்டும் சேர்ந்தே இருந்தன என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். அதற்கு முன் உங்கள் இரண்டாவது கேள்வியை ஒரு கற்பனைக் கணக்கில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மின்சாதனம் செய்து விற்கும் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்ற பொருளுக்கு வாரண்டி கொடுக்கிறது. இந்த ஆண்டு விற்ற பொருளின் பழுது அடுத்த ஆண்டுதான் தெரியவரும் என்றாலும், அந்தச் செலவை விற்பனை நடந்த ஆண்டிலேயே லாபத்தில் கழித்து, ‘வாரண்டிக்கான ஒதுக்கீடு’ என்று இருப்புநிலைக் குறிப்பில் வைக்க வேண்டும். பழைய அனுபவப்படி விற்பனையில் 2 சதவீதம், அதாவது 20 கோடி, போதும். வாரண்டியைக் கழிப்பதற்கு முன் மூன்று ஆண்டுகளின் லாபம் முறையே 140, 110, 128 கோடி. வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். நேர்மையாக எழுதினால் லாபம் 120, 90, 108 கோடி என்று வரும். இரண்டாம் ஆண்டில் கால்வாசி லாபம் காணாமல் போய், மூன்றாம் ஆண்டில் ஓரளவு மீண்டிருக்கிறது.

நிர்வாகத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் பிடிக்கவில்லை. முதல் ஆண்டில் வாரண்டிக்கு 20 கோடிக்குப் பதிலாக 37 கோடி ஒதுக்குகிறார்கள். புதிய மாடல் என்பதால் பழுது அதிகமாகலாம் என்று ஒரு குறிப்பும் கோப்பில் ஏறிவிடும். ‘எச்சரிக்கையான நிர்வாகம்’ என்ற பாராட்டுகூடக் கிடைக்கலாம். இரண்டாம் ஆண்டில் பழைய ஒதுக்கீடு தேவைக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி, அதில் 16 கோடியைத் திரும்ப எழுதிக்கொள்கிறார்கள். அந்த ஆண்டின் வழக்கமான 20 கோடியிலிருந்து இது கழிய, லாபத்தில் விழும் செலவு 4 கோடி மட்டுமே. மூன்றாம் ஆண்டில் மீதமிருக்கும் 1 கோடியையும் எடுத்துக்கொண்டு 19 கோடி எழுதுகிறார்கள். அறிவிக்கப்படும் லாபம் 103, 106, 109 கோடி ஆகிறது. வருடத்துக்குச் சுமார் 3 சதவீதம் என்று நிதானமாக வளரும் ஒரு நிறுவனம் கண்முன் தோன்றுகிறது. மூன்று ஆண்டின் மொத்தம் இரண்டு கணக்கிலும் 318 கோடிதான். வாரண்டிக்கு மூன்று ஆண்டுகளில் எழுதிய மொத்தச் செலவும் இரண்டிலும் 60 கோடிதான். ஒரு ரூபாய்கூடத் திருடப்படவில்லை.

இப்போது நஷ்டம் யாருக்கு என்று பார்ப்போம். இத்தகைய நிறுவனத்தின் ஆண்டு லாபத்தைப் போல 20 மடங்கு விலை கொடுக்கச் சந்தை தயாராக இருக்கிறது என்றால், முதல் ஆண்டு முடிவில் நிறுவனத்தின் மதிப்பு 2,400 கோடியாக இருந்திருக்க வேண்டும். அறிவித்த லாபத்தின்படி அது 2,060 கோடி. அந்த நேரத்தில் மகளின் கல்யாணத்துக்காகப் பங்கை விற்றவர் குறைந்த விலைக்கு விற்றிருக்கிறார். இரண்டாம் ஆண்டு முடிவில் 1,800 கோடி பெறுமான நிறுவனத்துக்கு 2,120 கோடி விலை. அப்போது வாங்கியவர் அதிகம் கொடுத்திருக்கிறார். கடைசிவரை பங்கை வைத்திருந்தவருக்கு மட்டுமே ‘மொத்தம் மாறவில்லை’ என்ற வாதம் பொருந்தும். சந்தையிலோ ஒவ்வொரு நாளும் யாராவது விற்கிறார்கள், யாராவது வாங்குகிறார்கள்.

இன்னும் பெரிய பாதிப்பு விலை மடங்கிலேயே இருக்கிறது. லாபம் 120லிருந்து 90க்கு விழக்கூடிய நிறுவனத்துக்கும் ஆண்டுதோறும் 3 சதவீதம் தவறாமல் வளரும் நிறுவனத்துக்கும் ஒரே மடங்கை யாரும் கொடுப்பதில்லை. ஏற்ற இறக்கம் என்பதே ஒரு தகவல். தொழில் எவ்வளவு ஆபத்தானது, கடனை எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்கிறது. சமன் செய்யும் கணக்கு அந்தத் தகவலை அழித்துவிட்டு, இல்லாத நிதானத்துக்கு விலை வாங்குகிறது. நிர்வாகங்கள் இந்த நிதானத்தை எவ்வளவு விரும்புகின்றன என்பதற்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 401 நிதி அதிகாரிகளிடம் கேட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்ற இறக்கமற்ற லாபத்துக்காக நிறுவனத்தின் உண்மையான மதிப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கவும் தயார் என்று 78 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனாலும், லாபம் சீராக வருவதெல்லாம் தவறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூலப்பொருள் விலையையோ டாலர் விலையையோ முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு நிலைப்படுத்திக்கொள்வது உண்மையாகவே ஆபத்தைக் குறைக்கிறது. அதனால் வரும் சீரான லாபம் உண்மையான சீர்மை. விளம்பரச் செலவை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போடுவது தொழிலுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி, ஆனால் செலவு உண்மையிலேயே நடக்காததால் கணக்கு பொய் சொல்லவில்லை. இயந்திரத்தின் ஆயுள் பத்தாண்டா பன்னிரண்டாண்டா என்பதில் நேர்மையான இரண்டு பொறியாளர்கள் வேறுபடலாம். நிறுவனம் பன்னிரண்டைத் தேர்ந்து, அதை வெளியே சொல்லி, ஆண்டுதோறும் அதையே பின்பற்றினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிக்கையின் முதல் பக்கத்தில் தனக்குச் சாதகமான எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவதும், பாதகமான எண் உரிய இடத்தில் தெளிவாக இருக்கும்வரை, கடைக்காரர் நல்ல தக்காளியை மேலே அடுக்குவதைப் போன்றதுதான். அழுகியதை உள்ளே மறைத்துக் கட்டிக் கொடுக்கும்போதுதான் பிரச்சினை.

கணக்கியல் விதிகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே சொல்கின்றன. ஒதுக்கீடுகளுக்கான சர்வதேசத் தரநிலை 37ம், அதைப் பின்பற்றும் நம் இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 37ம், ஒதுக்கீடு என்பது கடமையைத் தீர்க்கத் தேவைப்படும் தொகையின் மிகச் சிறந்த மதிப்பீடாக இருக்க வேண்டும் என்கின்றன. நிச்சயமின்மையைக் காரணம் காட்டி அளவுக்கு மீறிய ஒதுக்கீட்டை உருவாக்கக் கூடாது என்பதையும் வெளிப்படையாக எழுதியிருக்கின்றன. இவற்றில் என் பார்வையில் மிகக் கூர்மையான விதி வேறொன்று: ஓர் ஒதுக்கீட்டை எந்தச் செலவுக்காக உருவாக்கினோமோ அந்தச் செலவுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். வாரண்டிக்கு ஒதுக்கியதில் மிச்சமிருந்தால் அதை வெளிப்படையாகத் திரும்ப எழுதி, திரும்ப எழுதினோம் என்று சொல்ல வேண்டும். சத்தமில்லாமல் வேறொரு வழக்குச் செலவையோ போனஸையோ அதில் கழித்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் அந்தச் செலவும் வாசகர் கண்ணில் படாது, மிச்சமும் படாது.

டெல் வழக்கின் முதல் பாதி சரியாக இந்த இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையமான எஸ்.இ.சி. 2010 ஜூலையில் தொடுத்த வழக்கின்படி, டெல்லின் மூத்த கணக்குத் துறையினர் 2002 முதல் 2005 வரையிலான நிதியாண்டுகளில் தேவைக்கு மேற்பட்ட ஒதுக்கீடுகளைப் பல கணக்குகளில் சேர்த்து வைத்து, செயல்பாட்டு முடிவுகளில் துண்டு விழுந்தபோதெல்லாம் அவற்றிலிருந்து எடுத்து நிரப்பினார்கள். அமெரிக்கக் கணக்கர்கள் இதை ‘குக்கீ ஜார் ரிசர்வ்’ என்பார்கள். இதனால் சந்தை எதிர்பார்த்த லாபத்தை நிறுவனம் தவறாமல் எட்டியது போலவும், செயல்பாட்டுச் செலவு நிர்வாகத் திறமையால் குறைந்துவந்தது போலவும் தோற்றம் கிடைத்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு.

நிறுவனத்தின் தணிக்கைக் குழுவே இதற்கு மூன்றாண்டு முன்பு, 2007இல், உள்விசாரணை நடத்தி முடித்திருந்தது. அதன் முடிவுகளில் கவனிக்க வேண்டியது, காலாண்டு முடியும் நேரத்தில் வேலை நடந்த வரிசை. இலக்கு எவ்வளவு, இப்போது கணக்கு எங்கே நிற்கிறது, இடைவெளி எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அந்த இடைவெளியை அடைக்கக்கூடிய சரிக்கட்டல்களைத் தேடிக் கணக்கு நிலுவைகள் பரிசீலிக்கப்பட்டன. சில நேரங்களில் இது மூத்த நிர்வாகிகளின் வேண்டுகோளிலோ, அவர்களுக்குத் தெரிந்தோ நடந்தது என்று அந்தக் குழு சொன்னது. ஒரு பொறுப்புக் கணக்கில் மிதமிஞ்சியிருந்த தொகை இன்னொரு கணக்குக்கு மாற்றப்பட்டு, பிற்காலத்தில் சம்பந்தமில்லாத செலவுகளில் கழிக்கப்பட்டதும் உண்டு. நான் மேலே சொன்ன விதியை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொகை எவ்வளவு தெரியுமா? நிறுவனம் 2003 முதல் 2006 வரையிலான நிதியாண்டுகளையும் 2007 நிதியாண்டின் முதல் காலாண்டையும் திருத்தி மீண்டும் வெளியிட்டபோது, நிகர லாபம் மொத்தத்தில் 9.2 கோடி டாலர் மட்டுமே குறைந்தது. அதே காலத்தில் அறிவிக்கப்பட்டிருந்த நிகர லாபம் சுமார் 1,200 கோடி டாலர். ஒரு சதவீதம்கூட இல்லை. இதைப் பார்த்துவிட்டு ‘இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்’ என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். சமன் செய்யும் கணக்கின் இயல்பே அப்படித்தான்: ஒரு காலாண்டில் குறைத்ததை இன்னொன்றில் கூட்டுவதால், நீண்ட காலத்துக்குக் கூட்டிப் பார்த்தால் எப்போதுமே ஏறக்குறைய பூஜ்ஜியம்தான் வரும். கற்பனை நிறுவனத்தில் அந்த வித்தியாசம் சரியாகப் பூஜ்ஜியம். சேதத்தை அளக்க வேண்டிய இடம் காலாண்டு; அதிலும் எதிர்பார்ப்பை எட்டியதா, தவறியதா என்ற புள்ளி. ஒரு பங்குக்கு ஒரு சென்ட் குறைந்தாலே விலை தடுமாறும் சந்தையில், அந்த ஒரு சென்ட்டைத் தருவதற்குச் சிறிய தொகையே போதும்.

தொகை சிறியது என்ற வாதத்துக்கு எஸ்.இ.சி. இதற்குப் பத்தாண்டு முன்பே பதில் எழுதி வைத்திருந்தது. ஆணையத்தின் அன்றைய தலைவர் ஆர்தர் லெவிட் 1998 செப்டம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, லாபத்தை விரும்பியபடி வளைக்கும் உத்திகளைப் பட்டியலிட்டு, ‘முக்கியத்துவம் இல்லாத தொகை’ என்ற சாக்கையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த ஆணையத்தின் 99ஆம் எண் கணக்கியல் குறிப்பு, ஐந்து சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை என்று தணிக்கையாளர்கள் கைக்கொண்டிருந்த நடைமுறையை மட்டும் நம்பக் கூடாது என்றது. சிறிய தவறு லாபத்தின் போக்கு மாறியதை மறைக்கிறதா, சந்தையின் எதிர்பார்ப்பை எட்டத் தவறியதை மறைக்கிறதா, நஷ்டத்தை லாபமாக்குகிறதா, நிர்வாகிகளின் ஊக்கத்தொகையை உயர்த்துகிறதா என்று கேட்கச் சொன்னது. தெரிந்தே செய்த தவறு, சிறியது என்பதற்காகவே மன்னிக்கத்தக்கதாகிவிடாது என்பதும் அதில் இருந்தது. ஒரு தணிக்கையாளர் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் எழுத நேர்ந்தால், சதவீதத்தைக் காட்டி அவர் தப்பிக்க முடியாது.

லாபத்தைக் கூட்டிக் காட்டினால்தான் தவறு, குறைத்துக் காட்டுவது அடக்கம் என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. 2002இல் மைக்ரோசாஃப்ட் மீது எஸ்.இ.சி. பிறப்பித்த உத்தரவு அதற்கு மறுப்பு. 1994க்கும் 1998க்கும் இடையில், தகுந்த ஆதாரமில்லாத, வெளியே சொல்லப்படாத ஒதுக்கீடுகள் மொத்தமாக 20 கோடி முதல் 90 கோடி டாலர்வரை அந்த நிறுவனத்தின் கணக்கில் இருந்ததாக ஆணையம் கண்டது. லாபம் கொட்டிக்கொண்டிருந்த நிறுவனம் அது. அபராதம் விதிக்கப்படவில்லை, ஆனால் அறிக்கைகள் துல்லியமற்றவை என்பதும் இனி அப்படிச் செய்யக் கூடாது என்பதும் பதிவாயிற்று. இன்று தேவையில்லாமல் குறைத்த லாபம் நாளை தேவைப்படும்போது வெளிவரும் லாபம் என்பதால், குறைத்தலையும் கூட்டலையும் பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை.

டெல் வழக்கின் இரண்டாம் பாதிதான் எனக்கு மிகவும் பாடமாகத் தோன்றுவது, ஏனென்றால் அங்கே கணக்குப் பதிவில் பெரிய குற்றம் எதுவும் தேவைப்படவில்லை. டெல் அக்காலத்தில் தன் கணினிகளில் இன்டெல் சில்லுகளை மட்டுமே பயன்படுத்தியது. எஸ்.இ.சி.யின் குற்றச்சாட்டின்படி, போட்டியாளரான ஏ.எம்.டி.யின் சில்லுகளைத் தொடாமல் இருப்பதற்காக இன்டெல் டெல்லுக்குப் பெருந்தொகைகளைக் கொடுத்துவந்தது. சப்ளையரிடமிருந்து வரும் இத்தகைய தொகையை வாங்கிய பொருளின் விலையில் கழித்து எழுதுவது வழக்கமான முறைதான். ஆகவே அந்தப் பணம் லாபத்தில் முறையாகவே சேர்ந்தது. பொய்யான ரூபாய் ஒன்றும் இல்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். 2003 நிதியாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் 10 சதவீதமாக இருந்த இந்தத் தொகை, 2006 நிதியாண்டில் 38 சதவீதமானது. 2006 மே தொடக்கத்தில் முடிந்த காலாண்டில் அது 76 சதவீதத்தைத் தொட்டது. அதாவது அந்தக் காலாண்டில் நிறுவனம் செயல்பாட்டில் சம்பாதித்ததாகச் சொன்ன நான்கு டாலரில் மூன்று டாலர், ஒரே ஒரு சப்ளையர் ஒரு நிபந்தனையின்பேரில் கொடுத்தது. முதலீட்டாளரிடம் இது சொல்லப்படவில்லை. லாபம் நிலையாக இருப்பதற்குச் செலவுக் கட்டுப்பாடும் நிர்வாகத் திறனும் போன்ற காரணங்களே சொல்லப்பட்டன. அந்த மே மாதத்தில் டெல் தன் சர்வர் கணினிகள் சிலவற்றில் ஏ.எம்.டி. சில்லுகளைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. இன்டெல் தன் தொகையைக் குறைத்தது. அடுத்த காலாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபம் 36 சதவீதம் சரிந்தது. அந்தச் சரிவில் முக்கால் பங்கு, இன்டெல் குறைத்த தொகைக்குச் சமம். நிறுவனமோ, தேவை மந்தமான நேரத்தில் விலையை அதிகமாகக் குறைத்துவிட்டோம், உதிரிபாகங்களின் விலை எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்று விளக்கம் சொன்னது.

இந்த விளக்கத்தைக் கேட்ட ஒரு முதலீட்டாளர் என்ன நினைத்திருப்பார்? விலையை அடுத்த காலாண்டில் கொஞ்சம் உயர்த்தினால் லாபம் திரும்பிவிடும் என்று நினைத்திருப்பார். உண்மையில் போனது திரும்பி வராத வகையான பணம். எதிர்காலத்தைக் கணிக்கத் தேவையான அந்த ஒரு செய்தி மட்டும் இல்லாததால், சரியான எண்களே அவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோயின. அமெரிக்க விதிகள், லாபத்தைப் பெரிய அளவில் பாதிக்கக்கூடிய, தனக்குத் தெரிந்த நிச்சயமின்மைகளை நிர்வாகம் தன் விளக்க அறிக்கையில் சொல்ல வேண்டும் என்கின்றன. வழக்கின் இந்தப் பாதி அதில்தான் நின்றது. 2010இல் நிறுவனம் 10 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. நிறுவனர் மைக்கேல் டெல்லும் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி கெவின் ரோலின்ஸும் தலா 40 லட்சம் டாலர் கட்ட உடன்பட்டார்கள். குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் செய்துகொண்ட சமரசம் அது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா என்றால், ஒரு பகுதியை முடியும். நம் கற்பனை நிறுவனத்துக்கே திரும்புவோம். அதன் ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில், இண்ட் ஏஎஸ் 37 கேட்கும் ஓர் அட்டவணை இருக்கும்: ஒவ்வொரு வகை ஒதுக்கீட்டுக்கும் ஆண்டுத் தொடக்க இருப்பு, புதிதாகச் சேர்த்தது, உண்மையில் செலவழித்தது, பயன்படுத்தாமல் திரும்ப எழுதியது, இறுதி இருப்பு. முதல் ஆண்டு தொடக்க இருப்பு 20 கோடி என்று வைத்தால், 37 சேர்ந்து 20 செலவாகி, முடிவில் 37 நிற்கும். இரண்டாம் ஆண்டில் 20 சேர்ந்து, 20 செலவாகி, 16 திரும்ப எழுதப்பட்டு, 21 நிற்கும். விற்பனை மாறாமல், செலவான தொகையும் 20ஆகவே இருக்க, சேர்த்தது மட்டும் 37க்கு ஏறிப் பிறகு 16 திரும்ப எழுதப்படுவதைக் கண்டால் கேள்வி எழ வேண்டும். ஒரு முறை திரும்ப எழுதுவது தவறான கணிப்பாக இருக்கலாம். லாபம் அடிவாங்கிய ஆண்டுகளில் மட்டும் ‘தவறான கணிப்புகள்’ கண்டுபிடிக்கப்பட்டால் அது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு.

பணப்புழக்க அறிக்கை இன்னும் நேரடியானது. வாரண்டிக்காக ஒவ்வோர் ஆண்டும் 20 கோடி ரொக்கமாகவே போயிருப்பதால், பாக்கியும் சரக்கிருப்பும் மாறாத நிலையில், தொழிலிலிருந்து வந்த ரொக்கம் 120, 90, 108 என்று அந்த நிறுவனத்தின் மறைக்கப்பட்ட லாபத்தை அப்படியே காட்டிவிடும். உண்மை நிறுவனங்களில் பாக்கியும் சரக்கும் ஏறி இறங்குவதால் இவ்வளவு சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் ரொக்கம் மலையும் பள்ளமுமாக இருக்க, லாபம் மட்டும் கோடு போட்டாற்போல் ஏறிக்கொண்டிருந்தால், நடுவில் எந்த இருப்பு அந்த வித்தியாசத்தை விழுங்குகிறது என்று தேட வேண்டும்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அட்டவணை ஒதுக்கீடுகளுக்கு மட்டுமே. சப்ளையருக்குத் தர வேண்டியது, ஊழியர் போனஸ், விளம்பர பாக்கி போன்ற, பில் வராவிட்டாலும் சேர்ந்துவிட்ட செலவுகள், அதே தரநிலையின்படி ஒதுக்கீடுகள் அல்ல. அவை ‘இதர பொறுப்புகள்’ என்ற தலைப்பில் மொத்தமாகப் போய்ச் சேரும், உள்ளே என்ன ஏறியது இறங்கியது என்று காட்டும் கட்டாயம் இல்லை. மிதமிஞ்சிய தொகையை ஒளிக்க நினைப்பவருக்கு வசதியான இடமும் அதுதான். இன்டெல் பணம் போன்ற ஒன்றோ எந்த அட்டவணையிலும் தெரிந்திருக்காது. ஒரே சில்லு நிறுவனத்தோடு ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், அந்த ஏற்பாடு போனால் லாபத்தில் எவ்வளவு போகும் என்று ஆய்வாளர் கூட்டத்தில் யாராவது கேட்டிருந்தால் மட்டுமே பதிலோ, பதில் சொல்லத் தயங்குவதோ வெளிப்பட்டிருக்கும்.

நம் நாட்டு நிறுவனங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. பட்டியலிட்ட நிறுவனங்களின் காலாண்டு முடிவுகள் பெரும்பாலும் முழுத் தணிக்கைக்கு உட்படுவதில்லை. தணிக்கையாளர் செய்வது வரையறுக்கப்பட்ட பரிசீலனைதான். ஆண்டுக் கணக்குதான் முழுமையாகத் தணிக்கையாகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையான காலாண்டின் எண், முழு ஆண்டின் தணிக்கையான எண்ணிலிருந்து முதல் ஒன்பது மாத எண்ணைக் கழித்து வரும் மீதி என்று முடிவுகளின் அடிக்குறிப்பிலேயே போட்டிருப்பார்கள். ஆகவே ஒன்பது மாதங்களில் குறைத்தோ கூட்டியோ எழுதிய மதிப்பீடுகளைத் தணிக்கையாளர் திருத்தச் சொன்னால், அந்தத் திருத்தம் முழுவதும் நான்காம் காலாண்டில் வந்து விழும். ஒரு நிறுவனத்தின் கடந்த ஐந்தாறு ஆண்டுகளின் நான்காம் காலாண்டுகளை மட்டும் தனியே எடுத்து, மற்ற மூன்றோடு லாப விகிதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பருவகால விற்பனை போன்ற காரணம் எதுவும் இல்லாமல் அந்தக் காலாண்டு மட்டும் ஆண்டுதோறும் ஒரே திசையில் விலகினால், ஒதுக்கீட்டு அட்டவணையைத் திறந்து படிக்க வேண்டிய நிறுவனம் அது.